ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழும் விசை: மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒற்றை ஸ்விட்ச்சைச் சோதித்து மாற்றும் முறை

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தட்டச்சு, டி.டி.பி., பத்திர எழுத்து வேலைகளுக்கு மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கியவர்கள், ஒரு விசை இரட்டிக்கத் தொடங்கியதும் முதலில் கையில் எடுப்பது ஏதாவது ஒரு ஸ்ப்ரே. அது இந்த வேலையின் வரிசையில் மிகவும் பின்னால் வர வேண்டியது. முதலில் ஸ்ப்ரே அடித்துவிட்டால், கோளாறு ஸ்விட்ச்சிலா, அது செருகியிருக்கும் சாக்கெட்டிலா, கணினி அமைப்பிலா என்று பிரித்தறியும் வாய்ப்பே போய்விடுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

இதில் சொல்லப்படுவன அனைத்தும் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுப் பிரியும் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச்சுக்கே பொருந்தும். ஒளிக்கதிரால் இயங்கும் ஆப்டிக்கல் ஸ்விட்ச்சுக்கும், காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்சுக்கும் உலோகத் தொடர்பு கிடையாது என்பதால் அவற்றுக்கு வழி வேறு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கம்பி வகைக் கீகேப் புல்லர், ஸ்விட்ச் புல்லர், கேமராவுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதி, மென்மையான தூரிகை, கூர்முனை ட்வீஸர், ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை போதும். புதிய விசைப்பலகைகளுடன் முதல் இரண்டும் பெரும்பாலும் பெட்டியிலேயே வருகின்றன. கழுவுவதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கரைசலில் மீதி தண்ணீர் என்பதால் உலர நெடுநேரம் பிடிக்கும். கை கழுவும் சானிட்டைசர் கூடாது, அதில் கலந்துள்ள கிளிசரின் தகட்டிலேயே தங்கிவிடும். பெயின்ட் தின்னரும் அசிட்டோனும் ஸ்விட்ச்சின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

உங்கள் விசைப்பலகை ஹாட்-ஸ்வாப் வகையா, சால்டர் செய்த வகையா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியிலோ கையேட்டிலோ அது குறிப்பிட்டிருக்கும். ஹாட்-ஸ்வாப் என்றால் ஸ்விட்ச்சைப் பிடுங்கிச் செருகலாம். மற்றொன்றில் ஸ்விட்ச்சின் கால்கள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் புல்லரால் இழுத்தால் ஸ்விட்ச்சின் மேல்மூடி மட்டும் கழன்று ஸ்பிரிங் தெறித்துவிடும். உத்தரவாதக் காலம் முடியாத பலகை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

2. இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்தல்

தமிழ்99 முறையில் தட்டுபவர்களுக்கு இந்தக் கோளாறு மறைந்தே வரும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாக விழும் என்பது அந்த முறையின் விதி. H விசையில் உள்ள ககரம் இரட்டித்தால் ‘கக’ என்று வராமல் ‘க்க’ என்று வரும். ‘மகள்’ என்று தட்டியது ‘மக்கள்’ என்று பதிவாகும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது, பத்திரத்தில் அப்படியே அச்சாகிவிடும். ஆகவே சோதனையை ஆங்கில விசையமைப்புக்கு மாற்றிக்கொண்டு, வெறும் உரைத்திருத்தியில் செய்யுங்கள்.

சந்தேகத்திற்குரிய விசையை ஒருமுறை தட்டி, இடைவெளி விட்டு மறுபடி தட்டி, இவ்வாறு ஒரு பக்கம் நிரப்புங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு பகுதி, மிக மெதுவாக அழுத்தி மெதுவாக விடும் முறையில் ஒரு பகுதி என இரண்டும் வேண்டும். சில ஸ்விட்ச்சுகள் அழுத்தும்போது இரட்டிக்கும், சில விரலை எடுக்கும்போது மட்டுமே இரட்டிக்கும். வேகமாக மட்டும் தட்டிப் பார்ப்பவர்கள் இரண்டாவது வகையைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, விசையை அழுத்தியே வைத்திருக்கும்போது எழுத்து தொடர்ந்து விழும் வழக்கமான மறுபதிவைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். விண்டோஸில் `control keyboard` என்று Run பெட்டியில் தட்டினால் விசைப்பலகை அமைப்புகள் திறக்கும். அதில் `Repeat delay` என்பதை `Long` பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். இரட்டிப்பு நின்றுவிட்டால் உங்கள் விரலோ, ஒட்டிக்கொண்டு மெதுவாக மேலெழும் விசையோதான் காரணம். மாம்பழச் சாறோ தேநீரோ சிந்திய விசை பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டு எழுத்தோடு நில்லாமல் நீளமான வரிசையாகவே விழும்.

வேறொரு கணினியிலும் வேறொரு கேபிளிலும் செருகிப் பார்ப்பது அடுத்த வேலை. கம்பியில்லா இணைப்பில் மட்டும் இரட்டிக்கிறது, கேபிளில் இரட்டிக்கவில்லை என்றால் ஸ்விட்ச்சைத் தொடவே வேண்டாம். ஒரே வரிசையிலோ ஒரே நிரலிலோ உள்ள பல விசைகள் சேர்ந்து இரட்டித்தாலும் கோளாறு பலகையின் மின்தடத்தில்தான் இருக்கும், தனி ஸ்விட்ச்சில் அன்று.

3. நேரத்தை அளந்து பார்த்தல்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிச் செல்கிறார்கள். எனக்கோ இதுதான் முழு வேலையின் அச்சாணி. உலோகத் தகடு இன்னொரு தகட்டில் மோதும்போது ஓரிரு முறை துள்ளிவிட்டுத்தான் நிலைகொள்ளும். நல்ல ஸ்விட்ச்சில் இந்தத் துள்ளல் ஐந்து மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். விசைப்பலகைக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அந்தச் சிறு நேரத்துக்குத் தொடர்பின் மாற்றத்தைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கும்; QMK என்ற ஃபர்ம்வேரில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 5 மில்லிவினாடி. தகட்டில் தூசியோ ஆக்சைடு படலமோ படிந்து, துள்ளல் அந்தக் காத்திருப்பையும் மீறி நீளும்போது இரண்டாவது எழுத்து பதிவாகிறது. சேட்டர் என்று சொல்லப்படுவது இதுவே.

லினக்ஸ் கணினியோ, பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸோ இருந்தால் `evtest` இந்த இடைவெளியைத் துல்லியமாகக் காட்டும்.

```
sudo apt install evtest
sudo evtest
```

அது காட்டும் பட்டியலில் உங்கள் விசைப்பலகையின் எண்ணைக் கொடுங்கள். ஒரே விசைப்பலகை இரண்டு மூன்று பெயர்களில் தெரிவது இயல்பு. விசையைத் தட்டும்போது எந்த எண்ணில் வரிகள் ஓடுகின்றனவோ அதுவே சரியானது. வரியின் இறுதியில் `value 1` என்றால் அழுத்தம், `value 0` என்றால் விடுதல், `value 2` என்றால் அழுத்தியே வைத்திருப்பதால் வரும் மறுபதிவு. இரட்டித்த ஒரு H விசையின் பதிவு, தேவையற்ற பகுதிகளை நீக்கிய பின், இப்படி இருக்கும்:

```
.102311  KEY_H  value 1
.163207  KEY_H  value 0
.174190  KEY_H  value 1
.181166  KEY_H  value 0
```

முதல் அழுத்தம் 61 மில்லிவினாடி நீடித்தது. அது மனித விரலின் இயல்பான நேரம். விட்ட 11 மில்லிவினாடியில் இன்னோர் அழுத்தம் வந்து, அது வெறும் 7 மில்லிவினாடியில் முடிந்துவிட்டது. எந்த விரலும் இவ்வளவு விரைவாக எழுந்து மறுபடி அழுத்தாது. விடுதலுக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடையே 50 மில்லிவினாடிக்கும் குறைவாகத் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சேட்டர் என்றே கொள்ளலாம். இந்தப் பதிவில் துள்ளல் விரலை எடுக்கும் பக்கம் இருப்பதையும் கவனியுங்கள். தகடு பிரியும்போது சுத்தமாகப் பிரியவில்லை.

விசையை ஐந்து வினாடி அழுத்தியே வைத்திருப்பது இரண்டாவது சோதனை. தொடர்ந்து `value 2` மட்டுமே வர வேண்டும். நடுவே ஒரு `value 0`, உடனே ஒரு `value 1` வந்தால் தொடர்பு அறுந்து அறுந்து சேர்கிறது. அப்படிப் பிடித்தபடியே விசைமூடியைப் பக்கவாட்டில் லேசாக அசைக்கும்போது மட்டும் அறுகிறது என்றால், சாக்கெட்டிலோ பற்றவைப்பிலோ தளர்ச்சி இருப்பதற்கான முதல் அறிகுறி அது.

4. விசைமூடியைக் கழற்றி அடியில் இருப்பதை அகற்றுதல்

கேபிளைப் பிடுங்கிவிட்டு, கம்பி புல்லரை விசைமூடியின் எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் ஸ்விட்ச்சின் நடுத்தண்டு முறியும்.

விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ரப்பர் ஊதியால் ஊத வேண்டும். நிமிர்த்தி வைத்து ஊதினால் துகள்கள் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக ஸ்விட்ச்சுக்குள்ளேயே இறங்கும். வாயால் ஊதுவது ஈரத்தைச் சேர்க்கும். பஞ்சர் கடை கம்ப்ரெசரில் ஊதிக்கொள்வது நம் பக்கத்தில் எளிதாகத் தோன்றும் வழி; அந்தக் காற்றில் எண்ணெயும் நீர்த்துளியும் கலந்து வருவதால் அது கோளாற்றை இன்னும் ஆழமாக்கும்.

அடியில் என்ன கிடக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முடி, நூல், தின்பண்டத் துணுக்கு ஆகியவை தண்டின் பாதையில் சிக்கினால், விசை முழுதாக மேலே வராமல், தொடர்பு ஏற்படும் உயரத்தின் அருகிலேயே நிற்கும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகளில் மொத்தப் பயணம் சுமார் 4 மில்லிமீட்டர், தொடர்பு ஏற்படுவது சுமார் 2 மில்லிமீட்டரில். அந்த எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கும் விசை விரலின் சிறு நடுக்கத்துக்கும் இரட்டிக்கும். இவ்வகைத் துணுக்கை எடுத்ததும் கோளாறு முற்றிலும் தீர்ந்துவிடும்.

நுண்தூசி வேறு வகை. கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைகளின் அருகில் உள்ள அலுவலகங்களில் படியும் வெண்பொடி மின்சாரத்தைக் கடத்தாது. அது தகடுகளுக்கிடையே போய் உட்கார்ந்துவிட்டால் ஊதி எடுக்க முடியாது. ஊதிய பிறகும் இரட்டிப்பு மாறவில்லை என்றால் இந்தப் படியிலேயே நேரத்தைக் கழிக்காமல் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

5. ஸ்விட்ச்சை இடம் மாற்றிப் பார்த்தல்

ஹாட்-ஸ்வாப் பலகையில், இரட்டிக்கும் H ஸ்விட்ச்சையும் யாரும் தொடாத Scroll Lock ஸ்விட்ச்சையும் பிடுங்கி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக வேண்டும். புதிய ஸ்விட்ச் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம், கோளாறு ஸ்விட்ச்சோடு நகர்கிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது என்பதே.

ஸ்விட்ச்சின் அடியில் உள்ள இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சாய்க்காமல், செங்குத்தாக அழுத்துங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: கால் ஒன்று சாக்கெட்டுக்குள் போகாமல் ஸ்விட்ச்சின் அடியில் மடிந்துவிடும், ‘சோதித்துப் பார்த்தேன், இப்போது விசையே வேலை செய்யவில்லை’ என்று புதிதாக ஒரு கோளாற்றைத் தேடத் தொடங்குவார்கள். மடிந்த காலை ட்வீஸரால் ஒருமுறை நிமிர்த்தலாம். பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். பலகையைத் திறக்க முடியுமானால், செருகும்போது பின்பக்கத்திலிருந்து சாக்கெட்டை ஒரு விரலால் தாங்கிக்கொள்வது நல்லது. இல்லையேல் சாக்கெட் பலகையிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும்.

இப்போது மூன்றாம் படியின் சோதனையை இரண்டு விசைகளிலும் செய்யுங்கள். மேலே காட்டிய பதிவுக்குரிய பலகையில் H இடம் சுத்தமாகிவிட்டது. `KEY_SCROLLLOCK` 10 மில்லிவினாடி அளவில் இரட்டிக்கத் தொடங்கியது. கோளாறு ஸ்விட்ச்சுக்குள்தான் என்பது அதோடு முடிவாயிற்று.

6. கோளாறு இடத்திலேயே நின்றால்

வேறு ஸ்விட்ச் போட்ட பிறகும் H இடமே இரட்டித்தால், ஸ்விட்ச்சுகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. சாக்கெட்டுக்குள் இருக்கும் கவ்விகள் தளர்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டைப் பலகையோடு பிணைக்கும் சால்டர் விரிசல் விட்டிருக்கும். பின்பக்கம் திறந்து, அந்த இரண்டு இணைப்புகளையும் சால்டரிங் முனையால் சூடாக்கி, சிறிது புதிய ஈயம் சேர்த்தால் விரிசல் சரியாகும். கவ்வியே விரிந்துவிட்டிருந்தால் சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

ட்வீஸரால் சாக்கெட்டின் இரு துளைகளையும் இணைத்துப் பார்ப்பது மின்தடம் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய மட்டுமே உதவும். கையால் பிடித்த ட்வீஸர் தானே துள்ளும் என்பதால், அப்போது இரண்டு எழுத்து விழுந்தால் அதை வைத்துப் பலகையைக் குறை சொல்லக் கூடாது.

7. கோளாறு ஸ்விட்ச்சோடு நகர்ந்தால் ஒருமுறை கழுவுதல்

ஸ்விட்ச்சைப் பலகையிலிருந்து வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, தண்டை அழுத்திப் பிடித்தபடி, அதன் பக்க இடைவெளியில் இரண்டு மூன்று துளி ஐ.பி.ஏ. விடுங்கள். உடனே ஐம்பது முறையளவு அழுத்தி விடுங்கள். தகடுகள் ஒன்றையொன்று உரசுவதால்தான் படலம் அகலும், திரவம் அதைக் கரைத்து எடுத்துச் செல்லும் வேலையை மட்டும் செய்கிறது. பிறகு கவிழ்த்து உதறி, அழுக்குத் திரவத்தை வெளியேற்றிவிட்டு, இன்னொருமுறை இரண்டு துளி விட்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது சுற்றைச் செய்யாமல் விட்டால் கரைந்த அழுக்கு உலர்ந்து மறுபடி தகட்டிலேயே படியும். ஒரு மணி நேரம் திறந்த இடத்தில் உலரவிட்ட பின்னரே செருக வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இங்கே பயன்படுத்தாதீர்கள். அடித்தவுடன் இரட்டிப்பு குறைந்ததுபோலத் தெரியும். தங்கும் எண்ணெய்ப் படலம் நம் ஊர்த் தூசியை ஈர்த்துக் கூழாக்கிக்கொண்டு, முன்பைவிட மோசமாகத் திரும்பிவரும். ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் எண்ணெய் தங்காத கான்டாக்ட் கிளீனர் என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள்.

மசகு பூசிய ஸ்விட்ச்சில் ஐ.பி.ஏ. அந்த மசகையும் கழுவிவிடுவதால், பிறகு அழுத்தும்போது சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். மறுபுறம், வீட்டிலேயே கிரீஸ் பூசிய ஸ்விட்ச் அதன் பின்னர் இரட்டிக்கத் தொடங்கியிருந்தால், அளவுக்கு மிஞ்சிய கிரீஸ் தகடுகளுக்கிடையே வழிந்திருப்பதே காரணமாக இருக்கலாம்; அதற்குக் கழுவுதலே சரியான மருந்து.

8. எப்போது மாற்றுவது

கழுவியதும் சோதனையில் தேறி, சில நாள் வேலைக்குப் பின் மறுபடி இரட்டித்தால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை கழுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை: தகட்டின் தொடுபரப்பு தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் கழுவுதல் அதைத் திருப்பித் தராது. மேற்படி H ஸ்விட்ச்சும் கழுவிய பின் நன்றாக இருந்து, பிறகு விரலை எடுக்கும் பக்கமே மறுபடி இரட்டித்தது. மூடியைத் திறந்து தகட்டை ட்வீஸரால் வளைத்துச் சரிசெய்பவர்கள் உண்டு. அழுத்தம் சற்று மிகுந்தால் விசை எப்போதும் அழுந்திய நிலையிலேயே நின்றுவிடும் என்பதால், ஒரு ஸ்விட்ச்சுக்காக அந்தப் பொறுமை வீண் என்பதே என் கருத்து.

மாற்று ஸ்விட்ச் தனியாக ஒன்று கிடைப்பது அரிது. பத்து, இருபது சேர்ந்த பொட்டலமாகவே விற்கிறார்கள். அதற்காக ஓசூர் தாண்டிப் பெங்களூர் வரை போக வேண்டாம். Scroll Lock-இல் இருந்த நல்ல ஸ்விட்ச் ஐந்தாம் படியிலேயே H-க்கு வந்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு, கெட்டதைத் தேவைப்படாத Scroll Lock இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எல்லா ஸ்விட்ச்சும் ஒரே வகை என்பதால் விரலுக்கும் வேறுபாடு தெரியாது.

வெளியிலிருந்து வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள்: அதே உயரமுள்ள வகை, அதே அழுத்த உணர்வு, கால்களின் எண்ணிக்கை. ஐந்து கால் ஸ்விட்ச் என்பதில் உலோகக் கால்கள் இரண்டுதான். நடுக்குமிழையும் பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் முளைகளையும் சேர்த்தே ஐந்து. உங்கள் பலகையில் அந்த முளைகளுக்குத் துளை இல்லையென்றால் அவற்றை நகவெட்டியால் வெட்டிவிட்டுச் செருகலாம். சிவப்பு, நீலம், பழுப்பு என்னும் தண்டின் நிறம் அழுத்த உணர்வின் வகையைக் குறிப்பதாக இருந்தாலும், நிறம் ஒன்றாக இருப்பதாலேயே இரு தயாரிப்புகளின் ஸ்பிரிங் எடை ஒன்றாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

9. சால்டர் செய்த பலகையில் ஒரு ஸ்விட்ச்சை மாற்றுதல்

இங்கே இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை சாத்தியமில்லை. ஆகவே முதலில் அந்த ஸ்விட்ச்சின் இரண்டு இணைப்புகளையும் பின்புறமிருந்து மறுபடி சூடாக்கி, புதிய ஈயம் சேர்த்துச் சோதியுங்கள். மாறவில்லையென்றால் பலகையில் இருக்கும்போதே ஏழாம் படியின்படி ஒருமுறை கழுவிப் பாருங்கள். கேபிள் பிடுங்கியே இருக்க வேண்டும், உலர்த்தும் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அதுவும் உதவவில்லை என்றால்தான் கழற்றல்.

வெப்பம் சரிசெய்யக்கூடிய சால்டரிங் அயர்னை 320 முதல் 350 டிகிரி செல்சியஸில் வைத்து, காலின் மேல் இரண்டு மூன்று வினாடி பிடித்து, ஈயம் முழுதும் உருகியதும் பம்பால் உறிஞ்சுங்கள். உருக மறுத்தால் நீண்ட நேரம் சுடுவதைவிட, கொஞ்சம் புதிய ஈயம் சேர்த்து உருக்குவது பாதுகாப்பு. புதிய ஈயம் வெப்பத்தை விரைவில் பரப்பும். எல்.இ.டி.யின் கால்கள் ஸ்விட்ச்சின் வழியாக இறங்கும் மாதிரிகளில் அவற்றையும் விடுவிக்க வேண்டும். கால்களை ட்வீஸரால் தொட்டால் துளைக்குள் ஆட வேண்டும். ஆடாத காலோடு ஸ்விட்ச்சை நெம்பினால் பலகையின் செம்பு வளையம் பெயர்ந்து வந்துவிடும், அதைச் சரிசெய்வது ஸ்விட்ச் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு படியைக் கைப்பேசி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். எந்த ஸ்விட்ச் என்பதைக் காகித ஒட்டியால் பின்பக்கத்திலும் குறித்துக் கொடுங்கள்.

10. மாற்றும் வரை வேலையை ஓட்டுவதற்கு

ஃபர்ம்வேரின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது ஒரு வழி. QMK ஃபர்ம்வேரை நீங்களே தொகுத்து ஏற்றும் பலகை என்றால் `config.h` கோப்பில் இந்த வரி போதும்:

```
#define DEBOUNCE 15
```

எந்த எண் என்பதை உங்கள் `evtest` பதிவே சொல்லும். இடைவெளி 11 மில்லிவினாடி என்றால் 15 சரி. 40, 50 என்று இடைவெளி நீண்டால் எண்ணை அதற்கேற்பக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம்: விசையின் பதிவு அந்த அளவுக்குத் தாமதமாகும், தகடும் மேலும் கெட்டுக்கொண்டே இருக்கும்.

விண்டோஸின் `Filter Keys` அமைப்பில் உள்ள `Bounce Keys` என்பதை இதற்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் மிகக் குறைந்த கால அளவே அரை வினாடி. அதற்குள் வரும் இரண்டாவது அழுத்தத்தை அது விழுங்கிவிடுவதால், தமிழ்99-இல் நீங்கள் வேண்டுமென்றே இருமுறை தட்டும் ‘க்க’, ‘த்த’, ‘ப்ப’ எல்லாம் ஒற்றை எழுத்தாகிவிடும். அதாவது இம்முறை ‘மக்கள்’ என்று தட்டியது ‘மகள்’ ஆகும். ஆங்கிலம் மட்டும் மெதுவாகத் தட்டுபவருக்கு அது பொருந்தலாம், தமிழ்த் தட்டச்சருக்குப் பொருந்தாது. அவர் அந்த விசை மாறும் வரை வேறு விசைப்பலகையில் வேலை செய்வதே மேல்.